பிரெஞ்சு மின்கட்டணப் பட்டியலைத் தமிழாக்கல்: கணக்கு வழிச் சரிபார்ப்பு

ஆய்வுச் சுருக்கம்

பிரான்சில் வழங்கப்படும் வீட்டு மின்கட்டணப் பட்டியல் ஒன்றின் ஒளிப்படத்தைத் தமிழாக்கும்போது எழும் மூன்று சிக்கல்களை இக்கட்டுரை ஆராய்கிறது. அவை விலைப் பகுப்பு, மானி எண், செலுத்த வேண்டிய நாள் ஆகியன. சொல்லுக்குச் சொல் பெயர்க்கும் முறை இம்மூன்றிலும் பிழைபடுவதை எடுத்துக்காட்டுப் பட்டியல் ஒன்றின் வழி காட்டுகிறது. பட்டியலின் எண்கள் தம்முள் கழித்தலாலும் பெருக்கலாலும் பிணைக்கப்பட்டவை. ஆகவே, கணக்கை முதலில் மீட்டுக்கொண்டு அதன் பின்னரே சொல்லைத் தேர்வது ஏற்ற முறை என்பதும், அம்முறைக்கும் எல்லை உண்டு என்பதும் இக்கட்டுரையின் முடிபுகள்.

திறவுச்சொற்கள்: பயன்பாட்டு மொழிபெயர்ப்பு, மின்கட்டணப் பட்டியல், பிரெஞ்சு-தமிழ், மானி எண், கலைச்சொல்லாக்கம்.

1. முன்னுரை

பிரான்சில் வாழும் தமிழருள் புதுச்சேரி, காரைக்கால் பகுதிகளிலிருந்து சென்றோரும் ஈழத்திலிருந்து சென்றோரும் மிகுதி. அவர்களுள் பிரெஞ்சு பேசத் தெரிந்தும் அலுவல் நடையைப் படிக்க இயலாதவர் உண்டு. முதியவர்களிடையே இந்நிலையை இயல்பாகக் காணலாம். மின்கட்டணப் பட்டியல் வந்ததும் அதனைக் கைப்பேசியில் படம் எடுத்து, மொழி அறிந்த ஒருவருக்கு அனுப்பிப் பொருள் கேட்கின்றனர். இவ்வாறு நடைபெறுவதும் மொழிபெயர்ப்பே. இலக்கிய மொழிபெயர்ப்பில் ஒரு சொல் தவறினால் சுவை குறையும். இங்கு ஒரு சொல் தவறினால் பணம் இருமுறை செலுத்தப்படலாம், அல்லது செலுத்தப்படாமலே போகலாம்.

இத்தகைய பட்டியலைப் பெயர்ப்பவர் பெரும்பாலும் சொற்பட்டியல் ஒன்றைத் துணைக்கொள்கிறார். 'அபோன்மான்' என்பதற்குச் 'சந்தா', 'ஏந்தெக்ஸ்' என்பதற்குக் 'குறியீடு', 'எர் க்ரெஸ்' என்பதற்கு 'வெற்று நேரம்' என அகராதிகள் தரும் பொருள்கள் சொல்லளவில் தவறல்ல. ஆயினும் அவற்றை நிரப்பிய தமிழ்ப் பட்டியலைப் படிப்பவர், தாம் எவ்வளவு மின்சாரம் பயன்படுத்தினார், ஏன் இவ்வளவு தொகை வந்தது என்பதை அறிய முடியாது. பட்டியலின் ஒவ்வொரு சொல்லும் ஒரு கணக்குச் செயலின் பெயர். செயல் இன்னதென்று தெளிந்த பின்னரே பெயர் வைக்க இயலும்.

2. எடுத்துக்காட்டுப் பட்டியலும் படத்தின் குறைகளும்

விளக்கத்திற்காக இரண்டு மாதப் பட்டியல் ஒன்று இங்கு அமைக்கப்படுகிறது. அமைப்பும் வரிசைகளும் பிரெஞ்சுப் பட்டியல்களின் வழக்கத்தைப் பின்பற்றுவன. விலைகள் கணக்கிற்கு எளிதாக இருக்கும் பொருட்டு வைத்துக்கொள்ளப்பட்டவை. பட்டியலின் நாள் 12.01.2026. பயன்பாட்டுக் காலம் 10.11.2025 முதல் 09.01.2026 வரை. வீட்டின் மின்மானி இரு எண்களைத் தனித்தனியே காட்டும் வகையைச் சேர்ந்தது. அவ்விரு எண்களுக்கும் உரிய வரிசைகள் பின்வருமாறு:

| வரிசை | முந்தைய எண் | புதிய எண் | பயன்பாடு (யூனிட்) | யூனிட் விலை (யூரோ) | தொகை (யூரோ) |
|---|---|---|---|---|---|
| எர் ப்ளேன் | 14 208 | 14 571 | 363 | 0,1500 | 54,45 |
| எர் க்ரெஸ் | 9 846 | 10 058 | 212 | 0,1100 | 23,32 |

இவற்றுடன் 'அபோன்மான்' 24,00 யூரோ, மின்சாரத்தின் மீதான 'அக்சீஸ்' வரி 575 யூனிட்டுக்கு 17,25 யூரோ, மின் கடத்தலோடு தொடர்புடைய பங்களிப்பு 4,00 யூரோ ஆகியன சேர்கின்றன. கூட்டு 123,02 யூரோ. அதன்மேல் 20 விழுக்காட்டு மதிப்புக்கூட்டு வரி 24,60 யூரோ. செலுத்த வேண்டிய மொத்தம் 147,62 யூரோ.

பிரெஞ்சு எண்முறை இங்குக் கவனிக்கத்தக்கது. பதின்மப் புள்ளியின் இடத்தில் காற்புள்ளி வருகிறது. ஆயிரத்தைப் பிரிக்க இடைவெளி விடப்படுகிறது. தமிழ் வாசகர் காற்புள்ளியை ஆயிரம், இலட்சம் ஆகியவற்றைப் பிரிக்கும் குறியாகவே அறிந்தவர். '0,1500' என்பதை அப்படியே விட்டால் அவருக்கு அது ஆயிரத்து ஐந்நூறு போலத் தோன்றும். எனவே பெயர்ப்பில் காற்புள்ளியைப் புள்ளியாக மாற்றி, '0.15 யூரோ' என்றோ '15 சென்ட்' என்றோ எழுதுதல் வேண்டும். இக்கட்டுரையிலும் மூலத்தை எடுத்துக்காட்டும் மேற்கண்ட பகுதி நீங்கலாக, இனி வரும் எண்களில் புள்ளியே ஆளப்படுகிறது.

படமாக வரும் மூலத்தில் முதலில் நேரும் குறை, பக்கம் விடுபடுவது. பிரெஞ்சுப் பட்டியலின் முதற்பக்கம் வழக்கமாக மொத்தத் தொகையையும் செலுத்தும் நாளையும் மட்டுமே சுருக்கமாகக் காட்டும். மானி எண்களும் யூனிட் விலைகளும் மறுபக்கத்தில் இருக்கும். அனுப்புபவர் முதற்பக்கமே போதும் என எண்ணுவது இயல்பு. மறுபக்கத்தையும் கேட்டுப் பெறாமல் பெயர்க்கத் தொடங்குவது பயனற்றது.

அடுத்த குறை, தாளின் மடிப்பும் விளக்கொளியும் எண்ணை மறைப்பது. மேற்கண்ட பட்டியலில் 14 208 என்பதன் கடைசி இலக்கம் மடிப்பில் விழுந்து, 3 என்றும் 8 என்றும் படிக்கத்தக்கதாக இருப்பதாகக் கொள்வோம். அது 3 ஆயின் பயன்பாடு 14571 − 14203 = 368 யூனிட்; 0.15 யூரோவால் பெருக்கத் தொகை 55.20 யூரோ ஆகும். அது 8 ஆயின் பயன்பாடு 363 யூனிட், தொகை 54.45 யூரோ. படத்தில் தொகை 54.45 என்று தெளிவாக இருப்பதால் மறைந்த இலக்கம் 8 என்பது உறுதி. சுவடிப் பதிப்பாசிரியர் சிதைந்த சீரை யாப்பைக் கொண்டு ஊகித்தறிவதற்கு இது ஒப்பானது. பதிப்பாசிரியர் ஊகித்ததை ஊகம் என்று அடையாளமிடுவது போலவே, பெயர்ப்பாளரும் அவ்விலக்கத்தின் அருகே 'கணக்கால் பெறப்பட்டது' என்று குறித்தல் நேர்மை. கணக்கால் மீட்க இயலாத இடத்தில் 'படத்தில் தெளிவில்லை' என்று மட்டும் எழுதி நிறுத்த வேண்டும்.

3. விலைப் பகுப்பு: அளவா, நேரமா?

பட்டியலில் ஒரே மின்சாரத்திற்கு இரண்டு விலைகள் உள்ளன. தமிழகத்திலும் இலங்கையிலும் வீட்டு மின்கட்டணம் பயன்பாட்டின் அளவை ஒட்டி அடுக்கப்பட்டது. குறிப்பிட்ட யூனிட் வரை ஒரு விலை, அதற்கு மேற்பட்டால் உயர்ந்த விலை என்பதே இவ்விரு நிலத்தாரும் அறிந்த முறை. ஆகவே இரண்டு வரிசைகளில் இரண்டு விலைகளைக் கண்ட வாசகர், அவற்றை 'முதல் அடுக்கு', 'இரண்டாம் அடுக்கு' என்றே புரிந்துகொள்வார். பெயர்ப்பாளரும் 'அடுக்கு' என்ற சொல்லை ஆண்டால் அப்பிழை உறுதியாகிவிடும்.

அவ்வாறு படித்தவருக்கு, முதல் 363 யூனிட்டுக்கு 15 சென்ட், அடுத்த 212 யூனிட்டுக்கு 11 சென்ட் என்றாகும். மிகுதியாகப் பயன்படுத்தினால் விலை குறைகிறது என்ற தலைகீழ் முடிவுக்கு அவர் வருவார். உண்மையில் இவ்விரு வரிசைகளும் நாளின் இரு நேரப் பிரிவுகளைக் குறிப்பன. 'எர் க்ரெஸ்' எனப்படும் பிரிவு நாளொன்றுக்கு 8 மணி நேரம் கொண்டது. பெரும்பாலும் இரவில் அமையும். சில இடங்களில் ஒரு பகுதி நண்பகலையொட்டியும் வரும். எஞ்சிய 16 மணி நேரம் 'எர் ப்ளேன்'. எந்த மணி முதல் எந்த மணி வரை என்பது ஊருக்கு ஊர், இணைப்புக்கு இணைப்பு வேறுபடும். பட்டியலில் மணிக்கும் நிமிடத்திற்கும் இடையே, பிரெஞ்சில் 'மணி' என்னும் சொல்லின் முதலெழுத்தாகிய 'ஆஷ்' என்ற ரோமன் எழுத்து வைத்து, 24 மணி முறையில் இது அச்சிடப்பட்டிருக்கும். 22, 30 என்ற எண்கள் அவ்வெழுத்தால் இணைந்து வந்தால், அது இரவு பத்தரை மணி.

'எர் க்ரெஸ்' என்பதன் சொற்பொருள் 'உட்குழிந்த நேரம்' அல்லது 'வெற்று நேரம்'. மின்வலையில் தேவை தாழ்ந்திருக்கும் பொழுது என்பதே கருத்து. 'வெற்று நேரம்' என்ற தமிழ்த் தொடர் மின்சாரம் இல்லாத நேரம் என்ற பொருளைத் தருவதால் ஏற்கத்தக்கதன்று. 'எர் ப்ளேன்' என்பதற்கு 'உச்ச நேரம்' என்று எழுதுவதும் பொருந்தாது. உச்சம் என்பது நாளின் சில மணிகளே. 'எர் ப்ளேன்' நாளின் மூன்றில் இரு பங்கு. ஆகவே 'குறைவிலை நேரம்', 'முழுவிலை நேரம்' என்ற இணை இங்கு முன்வைக்கப்படுகிறது. பின்னது மூலச் சொல்லில் உள்ள 'முழுமை' என்ற கருத்தையும் காக்கிறது. இரண்டும் சேர்ந்து, வேறுபாடு விலையைப் பற்றியது, அதை வகுப்பது நேரம் என்பதை ஒரே பார்வையில் உணர்த்துகின்றன.

இப்பெயரீட்டின் பயனை எண்ணால் காட்டலாம். முழுவிலை நேரத்தில் பயன்படுத்திய 100 யூனிட்டைக் குறைவிலை நேரத்திற்கு மாற்றினால் யூனிட்டுக்கு 4 சென்ட் வீதம் 4 யூரோ குறையும். 20 விழுக்காட்டு வரியையும் சேர்த்தால் 4.80 யூரோ. வெந்நீர்க் கொதிகலத்தையும் துணி துவைக்கும் பொறியையும் எப்பொழுது இயக்குவது என்ற முடிவை வாசகர் இதைக் கொண்டே எடுக்கிறார். 'இரண்டாம் அடுக்கு' என்று படித்தவருக்கு அந்த வழி தெரியாமலே போகும்.

சில ஒப்பந்தங்களில் நேரப் பகுப்போடு நாட்பகுப்பும் சேரும். 'தெம்போ' என்னும் கட்டண முறை ஆண்டை 300 நீல நாள்கள், 43 வெள்ளை நாள்கள், 22 சிவப்பு நாள்கள் என வகுக்கிறது. சிவப்பு நாள்கள் நவம்பர் முதல் மார்ச் வரையான குளிர்காலத்திலேயே வருவன. அவற்றின் முழுவிலை நேரமே மிக விலையுயர்ந்தது. மூன்று நிற நாள்களுக்கும் இரண்டிரண்டு நேரப் பிரிவுகள் எனப் பட்டியலில் ஆறு விலைகள் தோன்றலாம். இங்கும் 'ஆறு அடுக்குகள்' என்பது பிழை. 'நீல நாள், குறைவிலை நேரம்' என்ற முறையில் இரு கூறுகளையும் சேர்த்தே பெயரிட வேண்டும்.

'அடுக்கு' என்ற சொல்லுக்குப் பிரெஞ்சுப் பட்டியல்களில் இடமே இல்லை என்பதன்று. தண்ணீர்க் கட்டணத்தில் சில நகரங்கள் அளவு அடுக்குகளைக் கொண்டுள்ளன. டன்கர்க் நகரப் பகுதியில் 2012 முதல் வீட்டுத் தண்ணீர், ஆண்டுப் பயன்பாட்டின் அளவைக் கொண்டு 'இன்றியமையா நீர்', 'பயன்நீர்', 'வசதிநீர்' எனப் பொருள்படும் மூன்று நிலைகளாக விலையிடப்படுகிறது. அங்கு ஆளப்படும் 'த்ரான்ஷ்' என்ற சொல்லுக்கு 'அடுக்கு' என்பதே நேர். எனவே, சொல்லை முன்கூட்டியே முடிவு செய்யாமல், எது பகுக்கப்படுகிறது என்பதைக் கணக்கில் கண்ட பின்னரே தேர்தல் வேண்டும். இதை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. ஒவ்வொரு விலைக்கும் தனித்தனி மானி எண்கள் இருந்தால் பகுப்பு நேரத்தைச் சார்ந்தது; ஒரே மானியின் பயன்பாடு பல வரிசைகளாகக் கூறிடப்பட்டு, ஒவ்வொரு வரிசையும் ஓர் உச்ச அளவில் நின்றால் பகுப்பு அளவைச் சார்ந்தது.

4. மானி எண்: எடுத்ததும் மதிப்பிட்டதும்

'ஏந்தெக்ஸ்' என்பது மானியில் அந்நாளில் தோன்றும் கூடிவரும் எண். 'குறியீடு' என்ற பெயர்ப்பு, அதனை வாடிக்கையாளர் எண் போன்ற ஓர் அடையாளமாகக் காட்டிவிடும். தமிழகத்தில் பேச்சில் 'ரீடிங்' என்பதும், இலங்கையில் 'மானி வாசிப்பு' என்பதும் வழங்குகின்றன. ஆயினும் இவ்விரண்டும் ஒருவர் நேரில் வந்து பார்த்துக் குறித்தார் என்ற பொருளையும் உடன் கொண்டுள்ளன. பிரெஞ்சுப் பட்டியலில் அவ்வெண் பார்த்துக் குறித்ததாகவும் இருக்கலாம், கணித்து எழுதியதாகவும் இருக்கலாம். ஆதலால் எண்ணுக்கு 'மானி எண்' என்ற நடுநிலைப் பெயரும், அது கிடைத்த வகைக்கு வேறொரு சொல்லும் தேவைப்படுகின்றன.

அவ்வகையைக் குறிக்கும் சொல் எண்ணின் அருகே சிறிய எழுத்தில் இருக்கும். 'ரெலெவே' என்றால் மானியிலிருந்து எடுக்கப்பட்டது. 'எஸ்திமே' என்றால் முந்தைய பயன்பாட்டைக் கொண்டு மதிப்பிடப்பட்டது. வாடிக்கையாளரே பார்த்துத் தெரிவித்த எண்ணுக்குத் தனிச் சொல் உண்டு. பழைய மானிகள் இருந்த காலத்தில் ஊழியர் ஆண்டுக்கு இருமுறை வந்து எண் எடுப்பதே வழக்கமாக இருந்ததால், இடைப்பட்ட பட்டியல்கள் மதிப்பீட்டாலேயே அமைந்தன. 2015 இறுதியில் தொடங்கி நாடெங்கும் பொருத்தப்பட்ட 'லிங்கி' மானி தன் எண்ணைத் தானே அனுப்புவதால் மதிப்பீடு பெரிதும் குறைந்தது. எனினும் அம்மானி இல்லாத வீடுகளிலும், அது செய்தி அனுப்பத் தவறிய காலங்களிலும் மதிப்பிட்ட எண்ணே அச்சாகிறது.

எடுத்துக்காட்டுப் பட்டியலில் முந்தைய எண்கள் எடுக்கப்பட்டவை, புதிய எண்கள் மதிப்பிடப்பட்டவை என்று கொள்வோம். பெயர்ப்பாளர் 'எஸ்திமே' என்ற சிறு சொல்லை விட்டுவிட்டால், 147.62 யூரோ ஐயத்திற்கு இடமற்ற தொகையாக வாசகருக்குத் தோன்றும். அச்சொல்லைப் பெயர்த்திருந்தால் அவர் தம் வீட்டு மானியைப் போய்ப் பார்ப்பார். ஜனவரி 20 அன்று மானி முழுவிலை நேரத்திற்கு 14531, குறைவிலை நேரத்திற்கு 9991 எனக் காட்டுவதாகக் கொள்வோம். மதிப்பீடு ஜனவரி 9க்கு உரியது. பதினொரு நாள் கழித்தும் மானி மதிப்பீட்டை எட்டவில்லை. மானி எண் பின்னோக்கிச் செல்லாது. ஆகவே மதிப்பீடு மிகை என்பதில் ஐயமில்லை.

மிகையின் அளவையும் கணக்கிடலாம். முழுவிலை நேரத்தில் 14571 − 14531 = 40 யூனிட். யூனிட் விலை 0.15 யூரோ, அக்சீஸ் வரி 0.03 யூரோ ஆக 0.18 யூரோ, மதிப்புக்கூட்டு வரியுடன் 0.216 யூரோ. 40 யூனிட்டுக்கு 8.64 யூரோ. குறைவிலை நேரத்தில் 10058 − 9991 = 67 யூனிட்; வரிகளுடன் யூனிட்டுக்கு 0.168 யூரோ வீதம் 11.26 யூரோ. குறைந்தது 19.90 யூரோ மிகையாகக் கேட்கப்பட்டுள்ளது. இத்தொகை தொலைந்துபோவதன்று, அடுத்து உண்மை எண் எடுக்கப்படும்போது கழிக்கப்படும். ஆனால் மானி எண்ணைத் தாமே தெரிவித்துத் திருத்தம் கேட்கும் வழி வாசகருக்கு உண்டு என்பதை அந்த ஒரு சொல்லே அறிவிக்கிறது.

மதிப்பீடு குறைவாக இருந்தால் நிலை எதிராகும். பல மாதங்கள் குறைவாகச் செலுத்தியபின் ஒரே பட்டியலில் பெருந்தொகை வரும். பிரான்சின் நுகர்வோர் சட்டத் தொகுப்பு இதற்கு ஓர் எல்லை வகுத்துள்ளது. கடைசியாக எண் எடுக்கப்பட்டதற்கு 14 மாதங்களுக்கு முற்பட்ட பயன்பாட்டிற்கு, சில விலக்குகள் நீங்கலாக, தொகை கேட்க இயலாது. இந்த எல்லையை எண்ணத் தொடங்கும் புள்ளி, எந்த எண் எடுக்கப்பட்டது, எது மதிப்பிடப்பட்டது என்ற வேறுபாடே. மொழிபெயர்ப்பில் அவ்வேறுபாடு மறைந்தால் வாசகரின் சட்ட உரிமையும் உடன் மறைகிறது.

5. நாள்கள்: வினையோடு பெயர்த்தல்

ஒரு பட்டியலில் ஐந்தாறு நாள்கள் காணப்படும். எடுத்துக்காட்டில் பட்டியல் எழுதிய நாள் 12.01.2026, பயன்பாட்டுக் காலத்தின் தொடக்கமும் முடிவும் முன்னர்க் கூறப்பட்டன. 'அபோன்மான்' வரிசையிலோ 10.01.2026 முதல் 09.03.2026 வரை என்று வேறொரு காலம் உள்ளது. இது அச்சுப்பிழை அன்று. மின்சாரத்தின் விலை பயன்படுத்திய பின் கேட்கப்படுகிறது. இணைப்பை வைத்திருப்பதற்கான கட்டணம் பல பட்டியல்களில் முன்கூட்டியே கேட்கப்படுகிறது. 'சந்தா' என்ற சொல் இதழ்களுக்கும் சங்கங்களுக்கும் செலுத்துவதை நினைவூட்டி, விரும்பினால் நிறுத்தலாம் என்ற எண்ணத்தைத் தரும். மின்சாரமே பயன்படுத்தாவிடினும் இணைப்பு உள்ளவரை செலுத்த வேண்டிய இத்தொகைக்கு 'நிலைக் கட்டணம் (முன்கூட்டி)' என்பதே பொருந்தும். அடைப்புக்குள் உள்ள சொல் இல்லையேல், எதிர்காலத்திற்கு ஏன் பணம் கேட்கிறார்கள் என்று வாசகர் திகைப்பார்.

செலுத்தும் நாளில் நேரும் பிழை இதனினும் பெரிது. 'தாத் லிமித் த பேமான்' என்று இருந்தால், அந்நாளுக்குள் வாடிக்கையாளர் தாமே செலுத்த வேண்டும். 'ப்ரெலெவ்மான்' என்ற சொல்லோடு நாள் வந்தால், அந்நாளில் நிறுவனமே வங்கிக் கணக்கிலிருந்து தொகையை எடுத்துக்கொள்ளும். சுருக்கம் கருதி இரண்டையும் 'கடைசி நாள்' என்று பெயர்ப்பதுண்டு. முதல் வகையில் அது சரியாக அமையும். இரண்டாம் வகையில் வாசகர் அட்டை வழியாகத் தாமும் செலுத்திவிட, வங்கியிலிருந்தும் அதே தொகை எடுக்கப்படும். மறுபுறம், முதல் வகையைத் 'தொகை எடுக்கப்படும் நாள்' என்று பெயர்த்தால் அவர் செலுத்தாமலே இருந்துவிடுவார்.

இதனைத் தவிர்க்க, நாளைப் பெயர்ச்சொல்லாகத் தராமல் முழு வாக்கியமாகத் தருவது நன்று. '2026 ஜனவரி 27க்குள் நீங்கள் 147.62 யூரோ செலுத்த வேண்டும்' என்பது ஒரு வகை. '2026 ஜனவரி 27 அன்று உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து 147.62 யூரோ எடுத்துக்கொள்ளப்படும். நீங்கள் தனியே செலுத்த வேண்டியதில்லை. கணக்கில் பணம் இருக்க வேண்டும்' என்பது மற்றொன்று. பிரெஞ்சில் ஒரு பெயர்ச்சொல்லுள் அடங்கிய 'செய்பவர் யார்' என்ற செய்தி, தமிழில் வினைமுற்றால்தான் வெளிப்படுகிறது. மாதத்தைச் சொல்லால் எழுதுவது நாளும் மாதமும் இடம் மாறிப் படிக்கப்படுவதையும் தடுக்கும். 'தேதி' என்பதா 'திகதி' என்பதா என்ற வினாவுக்கு விடை வாசகரைப் பொறுத்தது. புதுச்சேரியிலிருந்து சென்றவருக்கு முன்னதும், யாழ்ப்பாணத்திலிருந்து சென்றவருக்குப் பின்னதும் இயல்பானவை. 'நாள்' என்பது இருவர்க்கும் பொது.

நாள் கடந்துவிட்டால் வருவது 'ரெலான்ஸ்' எனப்படும் நினைவூட்டல். அதுவும் தோற்றத்தில் பட்டியலைப் போன்றே இருப்பதால், படத்தை மட்டும் காண்பவர் புதிய பட்டியல் என்று கருதக்கூடும். 2008 ஆகஸ்ட் 13 நாளிட்ட அரசாணையின்படி, செலுத்தப்படாத வீட்டு மின்கட்டணத்திற்கு முதலில் ஒரு கடிதம் அனுப்பி 15 நாள் தவணை அளிக்க வேண்டும். அதன் பின்னும் தீர்வு ஏற்படாவிடில், துண்டிப்பதற்குக் குறைந்தது 20 நாள் முன்பு இரண்டாம் கடிதம் அனுப்ப வேண்டும். முதன்மைக் குடியிருப்பின் மின்சாரத்தை நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை துண்டிக்கலாகாது என்ற காப்பும் உண்டு. எனவே கையில் உள்ளது பட்டியலா, முதற்கடிதமா, இரண்டாம் கடிதமா என்பதைப் பெயர்ப்பின் தலைப்பிலேயே குறித்தல் வேண்டும். அதை அறியாதவர் தேவையின்றி அஞ்சுவார், அல்லது அஞ்ச வேண்டிய நேரத்தில் வாளாவிருப்பார்.

6. கணக்கின் எல்லை

கணக்கைச் சான்றாகக் கொள்ளும் முறை எல்லாவற்றையும் காப்பதன்று. முதலாவது, காலத்தின் இடையில் விலை மாறினால் ஒரே நேரப் பிரிவு இரண்டு வரிசைகளாகப் பிரியும். அரசு வகுக்கும் விலைகள் பெரும்பாலும் பிப்ரவரி, ஆகஸ்ட் மாதங்களின் முதல் நாளில் மாறுவன. அவ்வாறு பிரியும்போது, மாறிய நாளுக்கான மானி எண் அச்சிடப்படாமல் இருக்கலாம். அப்பொழுது ஒவ்வொரு வரிசையையும் தனியே கழித்துச் சோதிக்க இயலாது. இரு வரிசைகளின் யூனிட்டுகளைக் கூட்டினால் மானி எண்களின் வேறுபாடு வருகிறதா என்று மட்டுமே காணலாம்.

இரண்டாவது, வரி. 2025 ஜூலை முடியும் வரை நிலைக் கட்டணத்திற்கு 5.5 விழுக்காடும் பயன்பாட்டிற்கு 20 விழுக்காடும் மதிப்புக்கூட்டு வரியாக இருந்தன. 2025 ஆகஸ்ட் 1 முதல் இரண்டிற்கும் 20 விழுக்காடே. பழைய பட்டியல் ஒன்றின் கூட்டு முழுவதையும் 20 விழுக்காட்டால் பெருக்கிச் சோதிப்பவர், இல்லாத பிழையைக் கண்டதாக எண்ணுவார். எடுத்துக்காட்டுப் பட்டியலில் 123.02 யூரோவின் 20 விழுக்காடு 24.604, அது 24.60 என அச்சாகிறது. இவ்வாறு முழுமையாக்குவதால் ஒரு சென்ட் வேறுபடுவது பிழையன்று. வேறுபாடு அதற்கு மேற்பட்டால், விடுபட்ட வரிசையோ தவறாகப் படித்த இலக்கமோ உள்ளதா என்று தேடுதல் வேண்டும்.

மூன்றாவதும் முதன்மையானதும், கணக்கு எண்ணை மட்டுமே காக்கும் என்பது. 'எஸ்திமே' என்ற சொல் மடிப்பில் மறைந்தால் எந்தப் பெருக்கலும் அதை மீட்டுத் தராது. செலுத்தும் நாள் வேறெந்த எண்ணோடும் பிணைக்கப்படாதது. 21 என்பதை 27 என்று படித்தால் மறுக்கச் சான்றில்லை. இணைப்பின் 14 இலக்க எண்ணும் அத்தகையதே. இத்தகைய இடங்களில் அப்பகுதியை மட்டும் அண்மையில் வைத்து எடுத்த மற்றொரு படத்தைக் கேட்பதே வழி. அடையாள எண்களைப் பொறுத்தவரை, அவற்றைப் பெயர்ப்பில் அப்படியே படியெடுக்க வேண்டும்; பெயர்ப்பைப் பிறரிடம் காட்டும் தேவை எழுந்தால் மறைத்துவிட வேண்டும்.

7. முடிவுரை

மேற்கண்ட முறையில் எடுத்துக்காட்டுப் பட்டியலின் தமிழ்ச் சுருக்கம் பின்வருமாறு அமையும்:

'இது மின்கட்டணப் பட்டியல், நினைவூட்டல் அன்று. 2025 நவம்பர் 10 முதல் 2026 ஜனவரி 9 வரை 575 யூனிட் பயன்படுத்தியதாகக் கணக்கிட்டுள்ளனர்: முழுவிலை நேரத்தில் 363 யூனிட், யூனிட் 15 சென்ட், 54.45 யூரோ, குறைவிலை நேரத்தில் 212 யூனிட், யூனிட் 11 சென்ட், 23.32 யூரோ. புதிய மானி எண்கள் மதிப்பிடப்பட்டவை. உங்கள் மானியில் உள்ள எண்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 2026 மார்ச் 9 வரைக்குமான நிலைக் கட்டணம் 24 யூரோ முன்கூட்டியே சேர்க்கப்பட்டுள்ளது. அக்சீஸ் வரி, பங்களிப்பு, மதிப்புக்கூட்டு வரி ஆகியவை 45.85 யூரோ. மொத்தம் 147.62 யூரோ. இதை 2026 ஜனவரி 27க்குள் நீங்கள் செலுத்த வேண்டும்.'

இச்சுருக்கத்தின் கூறுகளைக் கூட்டினால் மூலத்தின் மொத்தமே வருகிறது. இதுவே பெயர்ப்பின் முதற்சோதனை. கூட்டுத்தொகை ஒத்துவந்த பின் எஞ்சுவன இரண்டு வினாக்கள்: மானி எண் எடுத்ததா, மதிப்பிட்டதா? பணத்தைச் செலுத்துபவர் வாசகரா, எடுத்துக்கொள்பவர் நிறுவனமா? இவ்விரண்டிற்கும் கணக்கு விடை தராது. மூலத்தின் சிறு சொற்களே விடை தரும். ஆதலின் பெயர்ப்பாளர் எண்களைக் கணக்கால் உறுதிசெய்து கொண்டு, தம் கவனத்தை இச்சிறு சொற்களின்பால் செலுத்துவது தக்கது.